இரண்டாம் முறை கேட்காமல் ஸ்டாட்டரும் இனிப்பும் பானமும் விற்கும் முறை: திருகோணமலை உணவகப் பரிமாறுநர்களுக்கான வழிகாட்டி

எங்கள் வீடுகளில் விருந்தாளி முதல் முறை "வேண்டாம்" என்று சொன்னால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "இன்னும் கொஞ்சம் போடுங்கோ, சாப்பிட்டது காணாது" என்று அம்மா கரண்டியோடு நிற்பார். இரண்டாம் முறையும் மறுத்த பிறகுதான் அது உண்மையான மறுப்பு என்று கொள்வார். உணவக மேசையில் பரிமாற வரும் இளைஞர்கள் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தோடுதான் வருகிறார்கள். வாடிக்கையாளர் "வேண்டாம் தம்பி" என்றதும் வாய் தானாகவே, "கொஞ்சமாவது எடுங்கோ, நல்லாயிருக்கும்" என்று சொல்லிவிடுகிறது. வீட்டில் இது உபசாரம். பில் வரும் இடத்தில் இதே வசனம் நெருக்கடியாகிவிடுகிறது, ஏனென்றால் இங்கே மறுப்பவர் தன் வயிற்றை மட்டுமல்லாது பணப்பையையும் பார்த்து மறுக்கிறார். அதை விருந்தாளிகளின் முன்னால் இன்னொரு முறை சொல்ல வைப்பது அவரைக் கூச வைக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் நான் ஒரே ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்கிறேன். உப்புவெளிக் கடற்கரையோர உணவகம் ஒன்றுக்குக் குடும்பமாக வந்து அமரும் தமிழ் வாடிக்கையாளர்களிடம், அவர்கள் இருந்த நேரம் முதல் பில் கேட்கும் நேரம் வரை, எந்தக் கட்டத்தில் எந்தச் சொல்லால் ஒரு பானத்தையோ ஸ்டாட்டரையோ இனிப்பையோ முன்வைப்பது என்பதே விடயம். இங்கே சீசன் ஏறத்தாழ மே மாதத்தில் தொடங்கி செப்டெம்பர் வரை நீள்கிறது. அந்த மாதங்களில் வார இறுதிகளில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கோணேசர் கோயிலுக்கும் கடலுக்கும் வரும் குடும்பங்களே மாலை மேசைகளை நிரப்புகின்றன. வெளிநாட்டுப் பயணிகளின் மேசைக்கு வேறு பழக்கங்கள் உண்டு. அதை இங்கே தொடவில்லை.

மேசைக்குப் போவதற்கு முன்

முதல் வேலை சமையலறையில் இருக்கிறது. மாலைச் சேவை தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முன் சமையற்காரரிடம் மூன்று விடயங்களைக் கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொள்ள வேண்டும்: இன்று எது விரைவாக வரும், எது முடிந்துவிட்டது, எது நன்றாக வந்திருக்கிறது. இந்த மூன்றாவது கேள்விக்குச் சமையற்காரர் சொல்லும் பதிலைத்தான் நீங்கள் மேசையில் சொல்லப் போகிறீர்கள். நீங்களாகவே "இண்டைக்கு ஸ்பெஷல்" என்று எதையும் உருவாக்கக் கூடாது. நேற்றைய கணவாயைத் தீர்க்க வேண்டும் என்பதற்காக அதை ஸ்பெஷல் என்று விற்கும் வழக்கம் உண்டு. அது முதலாளிக்கு ஓர் இரவு லாபம். கணவாய் றப்பராக இருந்தால் அந்தக் குடும்பம் அடுத்த சீசனில் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

எழுதிக்கொண்ட பட்டியலிலிருந்து பானத்தில் இரண்டு, ஸ்டாட்டரில் இரண்டு, இனிப்பில் இரண்டு என்று தெரிந்தெடுங்கள். ஸ்டாட்டர் இரண்டில் ஒன்று மச்சமாகவும் மற்றது சைவமாகவும் இருக்கட்டும், ஏனென்றால் நம்மவர் குடும்பத்தில் குறைந்தது ஒருவராவது அன்றைக்குச் சைவமாக இருப்பார். ஐந்து பெயர்களை ஒரே மூச்சில் ஒப்புவித்தால் கேட்பவருக்குக் கடைசிப் பெயர் மட்டுமே காதில் நிற்கும். அதோடு "இவன் எதையாவது விற்கப் பார்க்கிறான்" என்ற எண்ணமும் வந்துவிடும். இரண்டைச் சொன்னால் அது தகவலாகக் கேட்கும்.

ஒவ்வொன்றிலும் என்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். வட்டிலப்பத்தில் முட்டை உண்டு, பெரும்பாலும் கஜுவும் உண்டு; ஆகவே முட்டை சேர்க்காத சைவக்காரருக்கு அதை முன்வைப்பது பிழை. சில புடிங் வகைகளில் ஜெலட்டின் இருக்கும். அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பது தெரியாமல் கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வந்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துக்கும், சைவக் குடும்பத்துக்கும் அதைப் பரிந்துரைக்கக் கூடாது. நம் பக்கத்தில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் இருக்கும்போது இந்தச் சிக்கலுக்குள் போகவே தேவையில்லை என்பது என் எண்ணம்.

வினைமுடிவில் இருக்கும் அழுத்தம்

மேசையில் நீங்கள் சொல்லும் பொருளை விட, வசனம் எப்படி முடிகிறது என்பதுதான் நெருக்கடியைத் தீர்மானிக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

"கணவாய் எடுங்கோ" என்பது மரியாதையான ஏவல்; ஆனாலும் ஏவல்தான். "கணவாய் கட்டாயம் எடுங்கோ" என்றால் மறுப்பவர் உங்கள் அன்பையே மறுப்பது போலாகிவிடுகிறது. "ஸ்டாட்டர் எடுப்பீங்கள்தானே?" என்பதில் உள்ள "தானே" இன்னும் மோசம், ஏனென்றால் அது பதிலை முன்கூட்டியே அவர் வாயில் வைத்துவிடுகிறது. "எத்தனை தேசிக்காய்ச் சோடா, அஞ்சோ ஏழோ?" என்று கேட்பதும் இந்த வகைதான், சோடா வேண்டுமா என்ற கேள்வியையே தாண்டிப் போய் எண்ணிக்கைக்கு வந்துவிட்டீர்கள். சில பயிற்சி வகுப்புகளில் இதைத் திறமை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மறுபக்கத்தில், "வேற ஏதும் வேணுமா?" என்ற வழக்கமான கேள்வியால் எந்தப் பயனும் இல்லை. அதில் எந்தப் பொருளும் இல்லாததால் "இல்லை, காணும்" என்ற பதிலே இயல்பாக வரும். இதை விடப் பிழையானது "அவ்வளவுதானா?", "இது மட்டும்தானா?" என்ற கேள்விகள். எழுதிக்கொண்டு போகும் வேகத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் பையன்கள் சொல்லிவிடுகிறார்கள்; கேட்பவருக்கோ தன் ஓடர் குறைவானது என்று குத்திக்காட்டியது போல இருக்கும்.

நான் பழக்குவது மூன்று முடிவுகள் மட்டுமே. முதலாவது "இருக்கு": "செவ்விளநீர் குளிராய் இருக்கு." இது வெறும் செய்தி, யாரும் பதில் சொல்லாமலே இருந்துவிடலாம். இரண்டாவது "வேணுமெண்டா": "பிள்ளையளுக்கு வேணுமெண்டா, உறைப்பில்லாமலும் செய்யலாம்." இதில் முடிவு கேட்பவரிடம் போய்விடுகிறது. மூன்றாவது "பிறகும் சொல்லலாம்". முழு வழிகாட்டியிலும் பெறுமதியான சொல் இதுதான் என்பேன், ஏனென்றால் "இல்லை" என்று நேரடியாகச் சொல்லக் கூச்சப்படுபவருக்கு இது ஒரு கதவைத் திறந்துவைக்கிறது. அவர் தலையை ஆட்டிவிட்டு அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடலாம்.

மறுப்பை அறிவதற்கும் காது பழக வேண்டும். நம்மவர் நேரே "வேண்டாம்" என்று எப்போதும் சொல்வதில்லை. "பாப்பம்" என்றால் வேண்டாம். "பிறகு பாப்பம்" என்றாலும் வேண்டாம். மேசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மெனுவை மூடினால் அதுவும் வேண்டாம்தான். ஆர்வம் இருப்பவர் ஒரு கேள்வி கேட்பார்: "எவ்வளவு வரும்?", "உறைப்போ?", "எத்தனை பேருக்குக் காணும்?" கேள்வி வந்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

ஒரு மேசை, தொடக்கம் முதல் முடிவு வரை

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, மாலை ஏழேகால் மணி. ஏழு பேர் வருகிறார்கள். திருகோணமலை நகரத்தைச் சேர்ந்த ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தன் தங்கையின் குடும்பத்தை அழைத்து வந்திருக்கிறார். அவரும் மனைவியும், தங்கையும் மச்சானும், வயதான அம்மாவும், ஆறும் ஒன்பதும் வயதுடைய இரண்டு பிள்ளைகளும். பகல் முழுவதும் வெயிலில் நின்ற முகங்கள். பிள்ளைகளின் காலில் மணல் காயவில்லை.

முதலில் யார் அழைத்து வந்தவர் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் பில் அவரிடம் போகும். பெரும்பாலும் "எங்க இருப்பம்?" என்று மேசையைத் தெரிவு செய்பவரும், மற்றவர்கள் இருந்த பிறகு கடைசியாக இருப்பவரும் அவர்தான். எல்லாப் பரிந்துரைகளையும் முழு மேசைக்கும் பொதுவாகச் சொல்லலாம். ஆனால் எழுதுவதற்கு முன் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். விருந்தினருக்கு முன்னால் அழைத்து வந்தவர் "வேண்டாம்" என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார் என்பதை மறந்தால், உங்கள் மென்மையான சொல்லும் அவருக்குக் கத்திமுனைதான்.

பானம். மெனுவைக் கொடுக்கும்போதே, தண்ணீரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"வாங்கோ, இருங்கோ. தண்ணி வைக்கிறன், வடிகட்டின தண்ணியும் இருக்கு, போத்தலும் இருக்கு. குடிக்க வேணுமெண்டா செவ்விளநீர் குளிராய் இருக்கு, தேசிக்காய்ச் சோடாவும் இருக்கு, சீனி குறைச்சும் போடலாம். மெனுவைப் பாத்திட்டுப் பிறகும் சொல்லலாம்."

இதில் தண்ணீரைப் பற்றிய வசனம் முக்கியமானது. கேட்காமலே போத்தலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு அதைப் பில்லில் போடுவது நம் பக்கத்தில் பரவலான குறுக்குவழி. வாடிக்கையாளர் சிறிய தொகைக்காகச் சண்டை பிடிக்க மாட்டார்; ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். இரண்டு வகைத் தண்ணீரும் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் இளநீரை அவர் சந்தேகமில்லாமல் கேட்பார்.

எங்கள் மேசையில் மச்சான் "தேசிக்காய்ச் சோடா ஒண்டு" என்றார், தங்கையும் இன்னொன்று என்றார், ஒன்பது வயதுப் பிள்ளை தனக்கும் வேண்டும் என்றது. இந்த இடத்தில் பிள்ளையின் வார்த்தையை எழுதக் கூடாது, தாயைப் பார்த்து, "தங்கச்சிக்கும் போடட்டா அக்கா?" என்று கேட்க வேண்டும். தாய் தலையாட்டினார், மூன்று. மற்றவர்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாதவர்களிடம் திரும்பி "உங்களுக்கு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போவது வேண்டாம். அது வகுப்பறையில் பெயர் கூப்பிடுவது போலிருக்கும்.

மதுபானத்தைப் பற்றி இவ்விடத்திலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடும்ப மேசையில் அதை நீங்களாக முன்வைக்காதீர்கள். அனுமதிப்பத்திரம் உள்ள இடமாக இருந்தால் தனிப் பட்டியல் இருக்கும், கேட்டால் கொடுங்கள். போயா நாளில் விற்க முடியாது, 21 வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுக்க முடியாது. இளைஞர் மேசையில் ஒருவர் வண்டி ஓட்ட வேண்டியவர் என்று தெரிந்தால், இரண்டாம் சுற்றைப் பற்றிய பேச்சையே எடுக்க வேண்டாம்.

ஸ்டாட்டர். பயிற்சிப் புத்தகங்கள் இதைப் பிரதான உணவுக்கு முன் கேட்கச் சொல்கின்றன. எங்கள் குடும்ப மேசைகளில் அந்த ஒழுங்கு சரிவருவதில்லை. நம்மவர் சோறா, கொத்தா, நூடில்ஸா என்பதை முடிவு செய்யும் வரை வேறெதையும் யோசிக்க மாட்டார்கள். ஆகவே பிரதான ஓடரை முழுவதும் எழுதி, ஒரு முறை திரும்ப வாசித்து உறுதி செய்த பிறகே ஸ்டாட்டரைப் பற்றிப் பேசுங்கள். அப்போது உங்களிடம் ஓர் உண்மையான காரணமும் இருக்கும்: காத்திருக்கும் நேரம்.

இந்த மேசை முழுப் பாரை மீன் ஒன்றைச் சுட்டுத் தரச் சொன்னது. அதோடு இறால் பிரட்டலும் சோறும் பிள்ளைகளுக்கு நூடில்ஸும் அம்மாவுக்குச் சைவமாக இடியப்பமும் சொதியும். முழு மீன் சுட்டு வர எங்கள் சமையலறையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அப்போது சொன்ன வசனம் இது:

"மீன் சுட்டு வர அரை மணித்தியாலத்துக்கு மேல போகும். அதுக்கிடையில பிள்ளையளுக்குப் பசிக்குமெண்டா, மீன் கட்லட் பத்து நிமிஷத்தில வரும், ஒரு தட்டில ஆறு இருக்கு. அம்மாவுக்குச் சைவ ரோல்ஸும் இருக்கு. யோசிச்சுக்கொள்ளுங்கோ, நான் இதை உள்ளுக்குக் குடுத்திட்டு வாறன்."

சொல்லிக்கொண்டே மெனுவில் கட்லட் இருக்கும் வரியில் விரலை வைக்க வேண்டும். விலை அந்த வரியிலேயே இருக்கிறது. அழைத்து வந்தவர் அதை அமைதியாகப் பார்த்துக்கொள்வார். விருந்தினரின் காதில் விழும்படி விலையை உரக்கச் சொன்னால் அவருக்கு வெட்கம். விலையையே காட்டாவிட்டால் அவருக்குப் பயம். விரல் இரண்டுக்கும் நடுவில் வேலை செய்கிறது.

அடுத்து, உண்மையிலேயே அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். பேனையை நோட்டில் வைத்தபடி பதிலுக்காக நிற்பதுதான் மிகப் பெரிய நெருக்கடி. நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் உங்கள் பேனை கேட்டுக்கொண்டே இருக்கும். பிரதான ஓடர்ச் சீட்டைச் சமையலறைக்கு உடனே கொடுங்கள். ஸ்டாட்டருக்காக அதைப் பிடித்து வைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்குப் பிறகு திரும்பும்போது கையில் நோட்டைக் கொண்டு வராமல் தண்ணீர்க் குவளையைக் கொண்டு வாருங்கள். தண்ணீரை நிரப்புங்கள். வேண்டுமென்றால் அவர்களாகவே சொல்வார்கள். சொல்லாவிட்டால் நிரப்பிவிட்டுப் போங்கள்.

அன்றைக்கு மச்சான்தான் முதலில், "ஒரு தட்டு கட்லட் எடுப்பம்" என்றார். நான் உடனே தலையாட்டவில்லை, அழைத்து வந்தவரைப் பார்த்து, "கொண்டு வரட்டா அண்ணை?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு சம்மதித்தார். ஆறு கட்லட், ஏழு பேர், அதில் அம்மா சைவம். ஆகவே ஆறு பேருக்கு ஆறு என்று சரியாக வந்துவிட்டது. மேசையில் ஏழு பேரும் மச்சம் சாப்பிடுபவர்களாக இருந்தால் "அப்ப ரெண்டு தட்டுப் போடட்டா?" என்று கேட்கவே கூடாது. "ஒண்டு கூட வேணுமெண்டா தனியாயும் போடலாம்" என்பதுதான் சொல்ல வேண்டியது. அதற்குச் சமையற்காரரின் சம்மதம் முன்பே இருக்க வேண்டும். அம்மா ரோல்ஸ் வேண்டாம் என்றார். "சரி அம்மா." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உணவு வரும்வரை ரோல்ஸ் என்ற சொல் மீண்டும் என் வாயில் வரவில்லை.

ஸ்டாட்டரை முன்வைக்கவே கூடாத வேளை ஒன்று உண்டு. சமையலறை மேடையில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு சீட்டுகள் தொங்கினால், நீங்கள் சொல்லும் பத்து நிமிடம் இருபத்தைந்தாகும். கட்லட்டும் மீனும் ஒன்றாக வந்து மேசையில் இடமில்லாமல் போகும். சாப்பிட்டவர் அதை மேலதிகமாகத் தலையில் கட்டிய பண்டம் என்றே நினைப்பார். அந்த நேரத்தில் உண்மையான நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

நிறுத்து விற்கும் கடலுணவு

இந்த வழிகாட்டியில் என் சொந்தப் பிழை ஒன்று இருக்கிறது. தொழில் பழகிய காலத்தில், நான் அப்போது வேலை செய்த ஓர் உணவகத்தில், அன்று வந்திருந்த பெரிய நண்டைப் பற்றி ஒரு மேசையில், "இண்டைக்கு நல்ல நண்டு வந்திருக்கு, விடாதேங்கோ" என்றேன். மெனுவில் விலைக்குப் பதிலாக "நிறைக்கு ஏற்ப" என்று மட்டும் அச்சிட்டிருந்தது. அவர்களும் சரி என்றார்கள், ரசித்துச் சாப்பிட்டார்கள். பில்லைக் கொண்டு போனபோது அந்த மனுஷன் ஒன்றும் பேசாமல் பார்த்தார். மனைவி கைபேசியில் கூட்டத் தொடங்கினார். பணத்தைச் சரியாக எண்ணி வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு சொல் ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து நிறுத்து விற்கும் நண்டு, சிங்க இறால், முழு மீன் எதுவானாலும், தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டு வந்து காட்டிய பிறகு, நிறையையும் மொத்த விலையையும் எழுதிய சிறு துண்டை அழைத்து வந்தவரின் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது எண்ணூறு கிராம் இருக்கு அண்ணை, விலை இதில எழுதியிருக்கு. சின்னதும் ஒண்டு இருக்கு, வேணுமெண்டா அதைக் கொண்டு வாறன்" என்று சொல்கிறேன். நூறு கிராமுக்கு இவ்வளவு என்று சொல்வது போதாது. பசியோடு இருப்பவர் பெருக்கிப் பார்க்க மாட்டார். எங்கள் மேசையின் பாரையும் இப்படித்தான் போனது. அவர் சின்னதையே தெரிவு செய்தார், அதுவே மச்சம் சாப்பிட்ட ஆறு பேருக்கும் காணுமாக இருந்தது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, சேவைக் கட்டணம். பத்து வீதம் கூட்டும் இடமாக இருந்தால் நீங்கள் சொல்லும் எந்த விலையிலும் அதைச் சேர்த்தே சொல்லுங்கள், அல்லது "பத்து வீதம் தனியாக வரும்" என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

இனிப்பு

பிரதான உணவு முடிந்ததும் பலர் செய்யும் தவறு, எச்சில் தட்டுகள் மேசையில் இருக்கும்போதே "டெசேர்ட் வேணுமா?" என்று கேட்பது. மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டு யாருக்கும் இனிப்பு தோன்றாது. முதலில் தட்டுகளை எடுங்கள், மேசையைத் துடையுங்கள், கை கழுவப் போனவர்கள் திரும்பி வரட்டும். அந்த இடைவெளி ஐந்து நிமிடமாவது இருக்க வேண்டும். பிள்ளைகள் மணலில் விளையாட இறங்கியிருந்தால் அதுவே மிக நல்ல நேரம்.

ஏன் என்றால், பிள்ளைகளின் காதில் "ஐஸ்கிரீம்" என்ற சொல் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு தாய்க்குத் தெரிவே இல்லை. பிள்ளையைப் பார்த்துக் குனிந்து "தம்பிக்கு ஐஸ்கிரீம் வேணுமா?" என்று சிரிப்பது மிக இலகுவான விற்பனை, அதனால்தான் அதைச் செய்யக் கூடாது என்கிறேன். பிள்ளைகள் மேசையில் இருந்தால் தாயின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள், அல்லது இனிப்பு அட்டையை அவர் கைப்பக்கமாக வைத்துவிடுங்கள்.

"சாப்பாடு எப்படியிருந்தது? … எருமைத் தயிரும் கித்துள் பாணியும் இருக்கு, வட்டிலப்பமும் இருக்கு. வட்டிலப்பத்தில முட்டை சேரும். ஒண்டை எடுத்து ரெண்டு பேர் சாப்பிடலாம், கரண்டி கூடக் கொண்டு வாறன். பிளேன்டீ மட்டும் காணுமெண்டாலும் இஞ்சி போட்டுத் தரலாம்."

நடுவில் இருக்கும் புள்ளிகள் உண்மையான இடைவெளி. சாப்பாடு எப்படியிருந்தது என்று கேட்டால் பதிலைக் கேட்க வேண்டும். சோறு ஆறியிருந்தது, இறால் உப்பு என்று முறைப்பாடு வந்தால் இனிப்புப் பேச்சை விட்டுவிட்டு முறைப்பாட்டைக் கவனியுங்கள்.

"ரெண்டு பேர் சாப்பிடலாம்" என்று சொல்வதால் விற்பனை பாதியாகிவிடும் என்று முதலாளிமார் சிலர் முகம் சுளிப்பார்கள். வயிறு நிறைந்தவர் முழுச் சட்டியை மறுப்பார், அரைச் சட்டிக்கு இணங்குவார். அப்படிப் பார்த்தால் மறுப்பை விட அரை நல்லது. கடைசி வசனத்தில் வரும் பிளேன்டீக்கும் ஒரு வேலை இருக்கிறது. இனிப்புக்குச் செலவழிக்க விரும்பாத ஒருவர், விருந்தினருக்கு முன்னால் "வேண்டாம்" என்று சொல்லாமல், "எல்லாருக்கும் பிளேன்டீ கொண்டு வாங்கோ" என்று மரியாதையோடு முடித்துக்கொள்ள அது வழிவிடுகிறது.

"தயிர் ரெண்டு சட்டிதான் மிச்சம்" என்பது உண்மையாக இருந்தால் சொல்லலாம். பொய்யாக ஒரு நாளும் சொல்லக் கூடாது. பக்கத்து மேசைக்கு ஐந்தாவது சட்டி போவதை இந்த மேசை பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

அன்றைக்குத் தயிர் இரண்டும், பெரியவர்கள் ஐந்து பேருக்கும் பிளேன்டீயும் போயின. உதாரண விலைகளை வைத்துக் கூட்டிப் பார்ப்போம்: தேசிக்காய்ச் சோடா 450 ரூபாய்ப்படி மூன்று 1,350, கட்லட் ஒரு தட்டு 900, தயிர் 400 ரூபாய்ப்படி இரண்டு 800, பிளேன்டீ 150 ரூபாய்ப்படி ஐந்து 750. மொத்தம் 3,800, பத்து வீதத்தோடு 4,180 ரூபாய். போத்தல் தண்ணீர், ரோல்ஸ், வட்டிலப்பம் ஆகியவற்றை அவர்கள் எடுக்கவில்லை; அவற்றில் எதையும் நான் இரண்டாம் முறை கேட்கவும் இல்லை.

பில் கேட்ட பிறகு

கை உயர்த்திப் பில் கேட்டவரிடம் இனி எதையும் முன்வைக்க வேண்டாம். பில்லை மடித்து, அழைத்து வந்தவரின் பக்கமாக வைத்துவிட்டு நகருங்கள். "பார்சல் ஏதாவது கட்டட்டா?" என்ற கேள்வியை, மிச்சம் இருந்தால் அதைக் கட்டிக் கொடுப்பதற்காக மட்டும் கேளுங்கள்.

இரவு மேசைகளைத் துடைத்து முடித்த பிறகு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் மேசை வாரியாக மூன்று குறிப்பு எழுதுகிறேன்: எதைச் சொன்னேன், எதை எடுத்தார்கள், எது தட்டில் மிஞ்சித் திரும்பியது. பழகுபவர்கள் இரண்டாவதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். நான் மூன்றாவதைத்தான் பார்ப்பேன், ஏனென்றால் பாதி தின்ற கட்லட் தட்டு அந்த மேசைக்குத் தேவையில்லாததை நான் சொல்லியிருக்கிறேன் என்பதற்கு அடையாளம். அந்தச் சனிக்கிழமைக் குடும்பத்தின் தயிர்ச் சட்டிகள் இரண்டும் வழித்துத் துடைத்தபடி வந்தன. அதே இரவு பக்கத்து மேசையின் மூன்று தட்டு ஹொட் பட்டர் கணவாயில் ஒன்று தொடாமலே திரும்பியது. நான்கு பேருக்கு மூன்று தட்டு அதிகம் என்பது எனக்குத் தெரிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் முதல், இரண்டாவது தட்டைக் கேட்பவரிடம், "முதல் தட்டு வரட்டும், பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்று சொல்லத் தொடங்கினேன்.